செலவு ஏறும், விலை எவ்வளவு ஏறும்? மிக்சர், முறுக்கு தயாரிப்பாளர்கள் ஐந்தாண்டுக் கணக்கு பற்றிக் கேட்பவை

கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி வட்டாரத்தில் மிக்சர், காராசேவு, முறுக்கு போடும் சிறு தொழிற்கூடங்களுக்கு வங்கிக் கடனுக்கான ப்ராஜெக்ட் ரிப்போர்ட் தயாரிப்பது என் தொழில். அதில் அதிகம் தடுமாற வைப்பது ஐந்தாண்டு விற்பனை விலைதான். அது குறித்து வரும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

எல்லாப் பதிலுக்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்தவை. உங்கள் பில்லைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கூடம், நாளைக்கு 200 கிலோ, ஆண்டுக்கு 300 நாள், ஆக 60 டன். ஜி.எஸ்.டி. சேர்க்காமல் கிலோ விற்பனை விலை 200 ரூபாய். கிலோவுக்கான செலவு: கடலைமாவு, அரிசிமாவு 62, எண்ணெய் 45, நிலக்கடலை, பொட்டுக்கடலை, மசாலா 15, பேக்கிங் ரோல் 12, கூலி 16, கேஸ், கரண்ட் 12, லைன் வண்டி 8. மொத்தம் 170. கிலோவுக்கு 30 ரூபாய் நிற்கிறது, ஆண்டுக்கு 18 லட்சம். வாடகை, அலுவலகச் செலவு 5 லட்சம் போக 13 லட்சம் கையில். வாங்கப்போகும் கடன் 30 லட்சம், 10% வட்டி, ஐந்து வருடத்தில் சமமாக அசல் திருப்ப வேண்டும். வருமான வரியை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.

செலவு வருஷம் 6% ஏறும்னு போட்டேன், விலையும் அதே 6% ஏறும்னு போட்டேன். இதில் என்ன தப்பு?

இரண்டு பக்கமும் ஒரே சதவீதம் என்பதால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் 170-இல் 6% என்பது 10 ரூபாய் 20 பைசா. 200-இல் 6% என்பது 12 ரூபாய். செலவு ஏறியதைவிட 1 ரூபாய் 80 பைசா அதிகமாக வாடிக்கையாளரிடம் வாங்கிவிடுவோம் என்று முதல் ஏற்றத்திலேயே சொல்லிவிட்டீர்கள். இன்றைய எண்களை முதல் வருடமாக வைத்தால், நாலு ஏற்றத்துக்குப் பிறகு ஐந்தாம் வருடத்தில் விலை 252.50, செலவு 214.60. கிலோ லாபம் 30-லிருந்து ஏறக்குறைய 38 ஆகிவிடுகிறது. புதிய மிஷின் இல்லை, புதிய சரக்கு இல்லை, லாபம் மட்டும் கால்பங்கு கூடியிருக்கிறது.

சிலர் விலைக்கு 8%, செலவுக்கு 6% போட்டுக் கொண்டுவருகிறார்கள். அதில் ஐந்தாம் வருட விலை 272, கிலோ லாபம் 57. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இரண்டு சதவீதம்தானே என்று தோன்றும், ஆனால் அந்த வித்தியாசம் முழுவதும் லாப வரியில் போய் விழுகிறது.

செலவு ஏறியதை முழுக்க, ரூபாய்க்கு ரூபாய் வசூலித்தாலே வருடத்துக்குச் சுமார் 5% விலையேற்றம் போதும். 6% செலவேற்றத்துக்கு அதுதான் மேல்வரம்பு. அதற்கு மேல் போடுவதானால் தனியாக ஒரு காரணம் சொல்ல வேண்டும்.

அப்போ விலைக்கு எத்தனை சதவீதம்தான் போடுறது?

விலைக்கென்று ஒரு சதவீதமே போடாதீர்கள். செலவு எத்தனை ரூபாய் ஏறியது, அதில் எவ்வளவு பங்கை விலையில் ஏற்ற முடியும் என்று போடுங்கள். எக்செல்லில் விலை வரியைச் செலவு வரியோடு கட்டிவிட வேண்டும்:

```
=B3+$B$1*(C12-B12)
```

இதில் B1 என்பது ஏற்றக்கூடிய பங்கு, 3-ஆம் வரி விலை, 12-ஆம் வரி கிலோவுக்கான மொத்தச் செலவு. இப்படிக் கட்டிவிட்டால், செலவு குறைவாக ஏறும் வருடத்தில் விலையும் தானாகக் குறைவாகத்தான் ஏறும். விலை வரி தன் போக்கில் ஓடாது.

பங்கு 90% என்றால் ஐந்தாம் வருட விலை 240. வருடத்துக்கு 4.7% வாக்கில் வருகிறது. இப்போது அந்தப் பங்கை மாற்றினால் கடன் திருப்பும் விகிதம், அதாவது வங்கியில் டி.எஸ்.சி.ஆர். என்பது, எப்படி ஆடுகிறது என்று பாருங்கள். கையில் நிற்கும் பணத்தை அந்த வருட அசல், வட்டியால் வகுத்தது இது. வாடகை, அலுவலகச் செலவு வருடம் 5% ஏறுவதாக வைத்திருக்கிறேன்.

| ஆண்டு | 90% ஏற்றினால் | 80% ஏற்றினால் | 70% ஏற்றினால் |
|---|---|---|---|
| 1 | 1.44 | 1.44 | 1.44 |
| 2 | 1.45 | 1.37 | 1.30 |
| 3 | 1.44 | 1.28 | 1.12 |
| 4 | 1.43 | 1.15 | 0.88 |
| 5 | 1.40 | 1.00 | 0.59 |

90%-இல் தொழில் நிம்மதியாக ஓடுகிறது. 80%-இல் கடைசி வருடம் வரவுக்கும் தவணைக்கும் சரியாகப் போய்விடுகிறது. 70%-இல் நாலாம் வருடமே தவணை கட்டப் பணம் இல்லை. முதல் வருடத்தை மட்டும் பார்த்தால் மூன்றும் ஒன்றுதான், அதனால்தான் இந்தச் சிக்கல் கடன் வாங்கும்போது கண்ணில் படுவதில்லை. ஆக, இந்த ஒரு எண்ணைச் சரியாகப் பிடிப்பதில்தான் வேலையே இருக்கிறது.

என் பங்கு 90-ஆ 70-ஆ என்று எப்படித் தெரிஞ்சுக்கிறது?

உங்கள் பழைய பில்களில் பதில் இருக்கிறது. அதற்குத் தோதான ஒரு காலகட்டமும் சமீபத்தில் கிடைத்தது. 2024 செப்டம்பர் 14 முதல் மத்திய அரசு கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய் இறக்குமதி வரியை மொத்தமாக 5.5%-லிருந்து 27.5%-க்கு ஏற்றியது. சுத்திகரித்த எண்ணெய்க்கு 13.75% இருந்தது 35.75% ஆனது. 2025 மே கடைசியில் கச்சா எண்ணெய்க்கு மட்டும் 16.5%-க்கு இறக்கினார்கள். ஏற்றமும் இறக்கமும் தேதியோடு தெரிகிற ஒரு நிகழ்வு இது.

2024 ஆகஸ்டிலிருந்து 2025 டிசம்பர் வரை மாதம் ஒரு எண்ணெய் கொள்முதல் பில்லையும், அதே மாதத்தில் ஒரே சரக்குக்கான ஒரு விற்பனை பில்லையும் எடுத்து எதிரெதிரே எழுதுங்கள். டின் விலையைக் கிலோ மிக்சருக்கு எத்தனை ரூபாய் என்று மாற்றிக்கொள்ளுங்கள். எண்ணெயால் கிலோவுக்கு 9 ரூபாய் ஏறியிருந்து, நீங்கள் விலையில் 7 ரூபாய் ஏற்றியிருந்தால், உங்கள் பங்கு 78%. எத்தனை மாதம் கழித்து ஏற்றினீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். எண்ணெய் இறங்கியபோது விலையைக் குறைத்தீர்களா, கடைக்காரருக்கு ஆஃபர் என்று திருப்பிக் கொடுத்தீர்களா என்பதும் வேண்டும். திருப்பிக் கொடுத்திருந்தால் அது விலையேற்றத்தில் கழிய வேண்டும். ரசீது புத்தகத்தில் விலை 207 என்று இருக்கும், பத்து பெட்டிக்கு ஒரு பெட்டி இலவசம் என்று வேறு போயிருக்கும். அந்த இலவசத்தைக் கழித்தால் வருவதுதான் உண்மையான விலை.

இன்னொன்றும் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாச் செலவும் ஒரே மாதிரி விலையில் ஏறாது. எண்ணெய், கடலைமாவு, பேக்கிங் ரோல் ஏறினால் ஊரில் உள்ள எல்லாத் தயாரிப்பாளருக்கும் ஏறுகிறது. யாராவது ஒருவர் முதலில் ஏற்றுவார், மற்றவர்கள் பின்னாலேயே வருவார்கள், இரண்டு மூன்று மாதத்தில் சந்தை விலையே மாறிவிடும். உங்களுக்கு மட்டும் ஏறும் செலவு அப்படியில்லை. கட்டட உரிமையாளர் வாடகை ஏற்றினார், லைன் வண்டி பழசாகி டீசல் கூடக் குடிக்கிறது என்பதற்கெல்லாம் கடைக்காரர் ஒரு ரூபாய்கூடத் தரமாட்டார்.

நம் ஊரில் இதற்கு ஒரு தனி முகம் உண்டு. தமிழ்நாட்டில் மின் கட்டணம் ஏறினால் கடலூர்க்காரருக்கு ஏறுகிறது, பாகூரிலோ அரியாங்குப்பத்திலோ இருக்கும் தயாரிப்பாளருக்கு ஏறுவதில்லை. புதுச்சேரிக்கு மின் கட்டணம் தனி, குறைந்தபட்சக் கூலியும் தனி. ஆனால் இருவரும் சரக்கு இறக்குவது அதே கடைகளில்தான். அதனால் கரண்ட், கூலி ஏற்றத்தை விலையில் முழுக்க ஏற்றலாம் என்று எல்லைப் பக்கத்து ஆட்கள் கணக்குப் போடக் கூடாது. மாவு, எண்ணெய், ரோலுக்கு 95%, கூலி, கரண்டுக்கு 60%, வாடகைக்கு 0 என்று வரிக்கு வரி தனிப் பங்கு கொடுத்தால் உண்மைக்கு நெருங்கி வரும். இந்த மூன்று எண்ணும் உதாரணம்தான், உங்களுடையதை உங்கள் பில் சொல்லும்.

பத்து ரூபாய் பாக்கெட்டில் விலையே ஏற்ற முடியாதே, அதை எப்படிக் காட்டுறது?

எடையில்தான் காட்ட வேண்டும். ஆனால் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளில் இந்த இடத்தில்தான் கணக்கு பெரிதாகப் பிசகுகிறது, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

36 கிராம் பாக்கெட், உங்கள் கைக்கு வருவது 7 ரூபாய் 20 பைசா என்று வையுங்கள். கிலோவுக்கு 200 ஆகிறது. கிலோ விலையை 240 ஆக்க எடையை 30 கிராமுக்கு இறக்க வேண்டும். ரிப்போர்ட்டில் 60 டன் × 240 என்று எழுதிவிடுவார்கள். இதில் ஒளிந்திருப்பது என்னவென்றால், 60 டன்னை 36 கிராமாகப் போட்டால் 16.7 லட்சம் பாக்கெட், 30 கிராமாகப் போட்டால் 20 லட்சம் பாக்கெட். 3.3 லட்சம் பாக்கெட் கூடுதலாக விற்கும் என்று யாரும் சொல்லாமலே கணக்குக்குள் வந்துவிட்டது. பள்ளிக்கூட வாசலில் ஒரு பாக்கெட் வாங்கும் பையன், எடை குறைந்ததற்காக இரண்டு வாங்கப் போவதில்லை. பாக்கெட் எண்ணிக்கை அப்படியே இருந்தால் விற்பது 50 டன், ரூபாயில் விற்பனை ஒரு பைசாகூடக் கூடாது.

பேக்கிங் ரோலும் எடையோடு குறைவதில்லை. ஒரு பாக்கெட்டுக்கு 43 பைசா என்றால் 36 கிராமுக்கும் 43, 30 கிராமுக்கும் 43. கிலோவுக்குப் பார்த்தால் 12 ரூபாய் 14.40 ஆகிறது, ரோல் விலை ஏறாமலேயே. இதையெல்லாம் சேர்த்தால் பாக்கெட்டுக்கான லாபம் 1 ரூபாய் 8 பைசாவிலிருந்து ஐந்தாம் வருடத்தில் சுமார் 67 பைசாவுக்கு இறங்குகிறது. முழு விற்பனையும் பத்து ரூபாய் பாக்கெட்டாக இருந்தால் டி.எஸ்.சி.ஆர். 1.40 அல்ல, 0.77 வாக்கில்தான் வரும்.

அதனால் பாக்கெட் விற்பனையை டன்னில் காட்டாமல் எண்ணிக்கையில் காட்டுங்கள். அரை கிலோ, ஒரு கிலோ கவரையும் சில்லறைச் சரக்கையும் தனி வரியாக வையுங்கள். அங்கே விலையை ஏற்ற முடியும், பங்கும் வேறு. எடையை வருடா வருடம் 1 கிராம் குறைப்பதாகவும் எழுதாதீர்கள். நிகர எடை ரோலில் அச்சாகி வருகிறது, குறைத்தால் புது ரோல் அடிக்க வேண்டும், பழைய ரோல் தேங்கும். நடைமுறையில் இரண்டு மூன்று கிராமாக, சில வருடத்துக்கு ஒருமுறைதான் குறைப்பார்கள். எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கு எல்லை, கடையில் உங்கள் சரத்துக்குப் பக்கத்தில் தொங்கும் சரத்தின் எடை.

ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 ஆச்சே, அந்த 7% எங்களுக்கு மிச்சம்தானே?

இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் பாக்கெட் கார வகைகளுக்கு வரி குறைந்தது உண்மை. பத்து ரூபாய் எம்.ஆர்.பி.யில் வரி போக நிற்பது 8.93-லிருந்து 9.52 ஆனது. அந்த 59 பைசாவை உங்கள் விலையேற்றமாகக் காட்டினால் நிலைக்காது. பெரிய நிறுவனங்கள் பல, அதே விலைக்கு எடையைக் கூட்டிக் கொடுத்தன. சந்தையில் அந்தப் பணம் வாடிக்கையாளர் பக்கம் போய்விட்டது. கணக்கை எப்போதும் வரி நீக்கிய விலையில் போடுங்கள். அந்த மாதத்துக்கு முந்தைய விலையையும் பிந்தைய விலையையும் ஒப்பிடும்போது எடையையும் சேர்த்துப் பாருங்கள்.

எண்ணெய்க்கு வருஷம் 5% என்று போட்டால் போதுமா?

சராசரிக்குப் போதும். ஆனால் எண்ணெய் சராசரியாக ஏறுவதில்லை, தாவுகிறது. நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி. 2022 ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தி, மே 23 அன்றுதான் திறந்தது. மேலே சொன்ன வரி மாற்றமும் ஒரே நாளில் வந்ததுதான்.

இதை ஐந்தாண்டு வரியில் கலக்காமல் தனியே ஒரு கணக்காகக் காட்டுங்கள். எண்ணெய் 20% தாவினால் கிலோவுக்கு 9 ரூபாய். மாதம் 5 டன்னுக்கு 45,000. கடையில் பழைய விலைச் சரக்கு தீர்ந்து, டீலர் ஒத்துக்கொண்டு, புது விலை கைக்கு வர மூன்று மாதம் ஆனால் 1.35 லட்சம் உங்கள் கையை விட்டுப் போகும். தாவல் தீபாவளி நேரத்தில் வந்தால் இன்னும் கடினம், ஏனென்றால் ஆர்டர் பிடித்த விலையை அப்போது மாற்ற முடியாது. விலை பிறகு முழுக்க ஏறினாலும் இந்தப் பணம் திரும்பி வராது. மூன்றாம் வருடத்தில் ஒன்று, ஐந்தாம் வருடத்தில் ஒன்று என இரண்டு தாவல்களைக் கழித்துப் பார்த்தும் தவணை கட்ட முடிகிறதா என்று பாருங்கள்.

கரண்ட், கூலிக்கு என்ன போடலாம்?

தமிழ்நாட்டில் மின் கட்டணம் ஆண்டுதோறும் ஜூலையில் விலைக் குறியீட்டை ஒட்டி மாறி வந்திருக்கிறது: 2024-இல் 4.83%, 2025-இல் 3.16%. 4 முதல் 5% போட்டால் தகும். குறைந்தபட்சக் கூலியின் பஞ்சப்படி ஏப்ரல் 1-இல் மாறும். ஆனால் நல்ல வறுவல் மாஸ்டரைத் தக்கவைக்க அது போதாது என்பது உங்களுக்கே தெரியும். கூலிப் பதிவேட்டில் கடந்த மூன்று வருடம் உண்மையில் எவ்வளவு ஏறியது என்று பார்த்து அதையே போடுங்கள்.

விலையும் ஏற்றாமல், செலவும் ஏற்றாமல் அஞ்சு வருஷமும் ஒரே மாதிரி காட்டலாமா? ஆடிட்டர் அப்படித்தான் சொல்றார்.

பல வங்கிகள் அதை ஏற்றுக்கொள்கின்றன, 8% விலையேற்றக் கணக்கைவிட அது நேர்மையானதும்கூட. ஆனால் அதற்குள்ளும் ஒரு அனுமானம் இருக்கிறது. கிலோவுக்கு 30 ரூபாய் ஐந்து வருடமும் நிற்கும் என்றால், செலவேற்றம் முழுவதையும் விலையில் ஏற்றிவிடுவோம், அதுவும் தாமதம் இல்லாமல் என்று அர்த்தம். நம் உதாரணத்தில் அது ஐந்தாம் வருடத்துக்கு 1.97 என்று காட்டும். 80% மட்டுமே ஏற்ற முடிகிறவருக்கு உண்மை 1.00. ரிப்போர்ட்டில் அந்த முறையிலேயே கொடுங்கள், கூடவே 90, 80 என்று இரண்டு வரி சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள்.

நடைமுறை மூலதனத்தையும் கவனியுங்கள். கடைகளுக்கு ஒரு மாதக் கடன் கொடுத்தால் இன்று 10 லட்சம் வெளியே நிற்கிறது. கிலோ 240 ஆகும்போது 12 லட்சம் நிற்கும். ஒரே விலைக் கணக்கில் இந்த 2 லட்சம் தெரியவே தெரியாது.

விலையைக் கொஞ்சம் கூடவே ஏற்றிப் பார்த்தால் என்ன?

ஊர் விலையைவிட 5 ரூபாய் கூட வைத்தால் கிலோ லாபம் 30-லிருந்து 35. விற்பனை 60 டன்னிலிருந்து 51 டன்னுக்குக் குறையாத வரை நஷ்டமில்லை, அதாவது 14% வரை தாங்கும். கேட்கத் தைரியமாக இருக்கும். ஆனால் நம் தொழிலில் விற்பனை சொட்டுச் சொட்டாகக் குறைவதில்லை. முதுநகர் லைனில் ஒரு டீலர் மாறினால் அந்த லைன் மொத்தமும் போகும். எனவே டீலர் வாரியாக எத்தனை சதவீதம் விற்கிறது என்று எடுத்துவைத்து, பெரிய டீலர் ஒருவர் போனால் என்ன ஆகும் என்று பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

ரிப்போர்ட்டில் விலை ஏறும் அதே வருடங்களில் உற்பத்தித் திறன் 60, 70, 80% என்று ஏறுவதையும் பார்க்கிறேன். ஊர் விலையைவிட அதிகமாக ஏற்றுகிறீர்களா, விற்பனையைக் கூட்டுகிறீர்களா? ஒரு வருடத்தில் இரண்டில் ஒன்றைத்தான் எழுதலாம்.

கணக்குப் போட்டால் அஞ்சாம் வருஷம் இடிக்குது. காலத்தை ஏழு வருஷமாக்கினால் சரியாகிடுமா?

ஆகாது, 80% கணக்கில் போட்டுப் பார்த்துவிடுவோம். ஏழு வருடமாக்கினால் ஐந்தாம் வருட விகிதம் 1.18 ஆகிறது, பரவாயில்லை போலத் தெரியும். ஆனால் செலவு அதன்பிறகும் ஏறுகிறது, லாபம் அதன்பிறகும் சுருங்குகிறது. ஆறாம் வருடத்தில் கையில் 4.7 லட்சம், கட்ட வேண்டியது 5.14 லட்சம். விகிதம் 0.92.

கடனைக் குறைப்பதுதான் வழி. 30-க்குப் பதில் 24 லட்சம் வாங்கி ஐந்து வருடத்தில் கட்டினால் நாலாம் வருடம் 1.44, ஐந்தாம் வருடம் 1.24. தானியங்கி பேக்கிங் லைனை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளி, வறுவல் அடுப்பையும் ஒரு பவுச் மிஷினையும் மட்டும் இப்போது வாங்கினால் அந்த 6 லட்சம் குறையும் என்பது பலருடைய கொட்டேஷனிலேயே தெரியும். மேனேஜரிடம் போகும்போது பழைய பில் ஒப்பீட்டு அட்டவணையை ரிப்போர்ட்டோடு பின் பண்ணிக் கொடுங்கள். விலை வரி எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டால் அதைத்தான் காட்ட வேண்டும்.